நெடுவரிசையைக் குறைப்பதா, கட்டத்துக்கு நிறம் பூசுவதா?

எண் அட்டவணை ஒன்றில் முக்கியமான எண்கள் பார்த்தவுடன் கண்ணில் பட வேண்டுமென்றால், பெரும்பாலோர் முதலில் எடுப்பது வண்ண வாளியைத்தான். அட்டவணை இருந்தபடியே இருக்கும். முக்கியமான கட்டங்களுக்கு மட்டும் மஞ்சளோ சிவப்போ ஏறும். இன்னொரு வழி, தேவையற்ற நெடுவரிசைகளை எடுத்துவிட்டு மீதியை மட்டும் முன்வைப்பது. இரண்டில் எதை எப்போது தேர்ந்தெடுக்கலாம் என்பதை ஓர் உண்மையான அட்டவணையை வைத்தே பார்க்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு தன்னார்வ அமைப்பின் கூட்டத்துக்காக ஒரு பக்கத் தாள் தயாரிக்க வேண்டியிருந்தது. பெண்களின் எழுத்தறிவு ஆண்களைவிட எந்த மாநிலத்தில் அதிகமாகப் பின்தங்கியிருக்கிறது என்பதுதான் அன்று விவாதிக்கப்படவிருந்த கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களைத் தொகுத்தபோது முதலில் கிடைத்தது இந்த அட்டவணை. இதிலுள்ள ஆந்திரம், 2014இல் தெலங்கானா பிரிவதற்கு முந்தைய ஒருங்கிணைந்த ஆந்திரம். எழுத்தறிவு விகிதம் 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கணக்கிடப்பட்டது.

| மாநிலம் | மக்கள்தொகை 2001 | மக்கள்தொகை 2011 | வளர்ச்சி % | அடர்த்தி | பாலின விகிதம் | எழுத்தறிவு % | ஆண் % | பெண் % |
|---|---:|---:|---:|---:|---:|---:|---:|---:|
| ஆந்திரப் பிரதேசம் | 7,62,10,007 | 8,45,80,777 | 10.98 | 308 | 993 | 67.02 | 74.88 | 59.15 |
| கர்நாடகம் | 5,28,50,562 | 6,10,95,297 | 15.60 | 319 | 973 | 75.36 | 82.47 | 68.08 |
| கேரளம் | 3,18,41,374 | 3,34,06,061 | 4.91 | 860 | 1,084 | 94.00 | 96.11 | 92.07 |
| தமிழ்நாடு | 6,24,05,679 | 7,21,47,030 | 15.61 | 555 | 996 | 80.09 | 86.77 | 73.44 |
| புதுச்சேரி | 9,74,345 | 12,47,953 | 28.08 | 2,547 | 1,037 | 85.85 | 91.26 | 80.67 |

ஐந்தே வரிசைதான், ஆனால் நாற்பது எண்கள். இதில் தவறான எண் எதுவும் இல்லை என்றாலும், கூட்டத்தின் கேள்விக்கான விடை எங்கே இருக்கிறது என்று தேடத்தான் வேண்டும்.

முதலில் நான் செய்ததும் நிறம் பூசியதுதான். பெண் எழுத்தறிவில் மிகக் குறைந்த 59.15க்குச் சிவப்பு, மிக உயர்ந்த 92.07க்குப் பச்சை. அதைப் பார்த்த ஒருவர், புதுச்சேரியின் 28.08 சதவீத வளர்ச்சியும் கவனிக்கத்தக்கது அல்லவா என்றார்; அதற்கு மஞ்சள். கேரளத்தின் 1,084 என்ற பாலின விகிதத்தை விட்டுவிடலாமா என்று இன்னொருவர் கேட்க, அதற்கு நீலம். கடைசியில் தாளில் நான்கு நிறங்கள் இருந்தன. எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று விளக்கக் கீழே தனியாக ஒரு குறிப்பும் எழுத வேண்டியதாயிற்று. அட்டவணையைப் படிக்க உதவ வந்த நிறத்தையே படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய நிலை.

இதில் நான் தாமதமாகக் கண்டுகொண்டது வேறொன்று. கூட்டத்துக்குத் தேவைப்பட்ட எண், அதாவது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான வித்தியாசம், அந்த நாற்பது எண்களில் எங்குமே இல்லை. அது 74.88இலிருந்து 59.15ஐக் கழித்தால் வரும் 15.73. கட்டத்துக்கு நிறம் பூசுவது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும் எண்ணைச் சுட்டிக்காட்டும். எழுதப்படாத எண்ணை அதனால் காட்ட முடியாது. சிவப்பில் தெரிந்த 59.15ஐப் பார்ப்பவர், ஆந்திரத்தில் பெண் எழுத்தறிவு குறைவு என்று புரிந்துகொள்வாரே தவிர, கர்நாடகத்தின் வித்தியாசமும் 14.39 என அதற்கு மிக அருகில் இருப்பதை அறிய மனத்துக்குள் கழித்துப் பார்க்க வேண்டும். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அப்படி ஐந்து முறை கழித்துப் பார்க்கமாட்டார்கள்.

நெடுவரிசைகளைக் குறைப்பதன் பெரிய பயன் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. குறைப்பது என்றால் வெறுமனே நீக்குவது என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் நீக்கிக் கிடைக்கும் இடத்தில், இதுவரை இல்லாத ஒரு நெடுவரிசையைக் கணக்கிட்டுச் சேர்க்க முடிகிறது. ஒன்பது நெடுவரிசைத் தாளில் பத்தாவதாக அதைச் சேர்த்திருந்தால் எழுத்து இன்னும் சிறியதாகி, அந்த எண்ணும் கூட்டத்தில் ஒன்றாகக் கரைந்திருக்கும்.

எவற்றை நீக்கலாம் என்பதற்கு நான் கைக்கொள்ளும் சோதனை எளியது. ஒரு நெடுவரிசையை விரலால் மூடிவிட்டு, கேள்விக்கான விடை மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். 2001 மக்கள்தொகையும் வளர்ச்சியும் போனால் எழுத்தறிவுக் கேள்வியில் எதுவும் மாறவில்லை. அடர்த்தியும் பாலின விகிதமும் அப்படியே. மொத்த எழுத்தறிவு சற்றுத் தயங்கவைக்கும். ஆனால் அது ஆண், பெண் எண்களுக்கு இடையில் வரும் ஒரு சராசரிதான், இரண்டும் பக்கத்திலேயே இருக்கும்போது அது புதிதாக எதையும் சொல்வதில்லை. 2011 மக்கள்தொகையை மட்டும் நான் முதலில் நீக்கிவிட்டுப் பிறகு திரும்பச் சேர்த்தேன். அது இல்லாத தாளில் புதுச்சேரியும் ஆந்திரமும் சம எடையுள்ள இரண்டு வரிசைகளாகத் தெரிந்தன. ஒன்று 12 லட்சம் பேர், மற்றொன்று 846 லட்சம் பேர் என்பது தெரியாமல் எங்கே வேலையைத் தொடங்குவது என்று யாரும் முடிவெடுக்க முடியாது. ஆனால் 8,45,80,777 என்று எட்டு இலக்கமும் அங்கே தேவையில்லை. மூல எண்ணை ஒரு லட்சத்தால் வகுத்து முழு எண்ணாகக் காட்டினாலே போதும்.

அடுத்தது வரிசைமுறை. மூல அட்டவணை அகரவரிசையில் இருந்தது. ஐந்து வரிசையில் ஒரு மாநிலத்தைத் தேடிப் பிடிக்க யாருக்கும் அகரவரிசை வேண்டியதில்லை என்பதால், வித்தியாசம் பெரியதிலிருந்து சிறியதற்கு அடுக்கினேன். இப்படி உருவானது இது:

| மாநிலம் | மக்கள்தொகை (லட்சம்) | ஆண் % | பெண் % | வித்தியாசம் |
|---|---:|---:|---:|---:|
| ஆந்திரப் பிரதேசம் | 846 | 74.9 | 59.2 | **15.7** |
| கர்நாடகம் | 611 | 82.5 | 68.1 | 14.4 |
| தமிழ்நாடு | 721 | 86.8 | 73.4 | 13.3 |
| புதுச்சேரி | 12 | 91.3 | 80.7 | 10.6 |
| கேரளம் | 334 | 96.1 | 92.1 | 4.0 |

நாற்பது எண்கள் இருபதாகிவிட்டன. கடைசி நெடுவரிசையை மேலிருந்து கீழாகப் பார்த்தாலே, முதல் மூன்றும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதும், புதுச்சேரி சற்று விலகுவதும், கேரளம் தனியாக இருப்பதும் தெரிகின்றன. தடித்த எழுத்தில் ஒரே ஓர் எண் இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால்கூட அட்டவணை சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும்.

தசம இலக்கத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பதில் ஒரு சிக்கல் உண்டு. இதைச் சந்திக்காமல் யாரும் தப்ப முடியாது. அட்டவணை எண்களை இரண்டு முக்கிய இலக்கங்களுக்குச் சுருக்கிவிடலாம் என்று பிரிட்டனைச் சேர்ந்த புள்ளியியலாளர் எஹ்ரன்பெர்க் 1977இல் வலியுறுத்தினார். அதன்படி முழு எண்ணாகச் சுருக்கினால் தமிழ்நாட்டின் வரிசை ஆண் 87, பெண் 73, வித்தியாசம் 13 என்று வரும். கழித்துப் பார்ப்பவருக்கு 14 கிடைக்கும். புதுச்சேரி 91, 81 என்றும் வித்தியாசம் 11 என்றும் வரும். அங்கே கழித்தால் 10. ஒரு தசம இலக்கம் வைத்தால் புதுச்சேரி சரியாகிவிடுகிறது, தமிழ்நாடு மட்டும் அப்போதும் பிடிவாதமாக நிற்கிறது: 86.8இலிருந்து 73.4ஐக் கழித்தால் 13.4, அட்டவணையிலோ 13.3. உண்மையான வித்தியாசம் 13.33 என்பதால் 13.3தான் சரி. சுருக்கிய எண்களைக் கழித்து 13.4 என்று எழுதிக் கணக்கை ஒப்பேற்றுவது தவறு. மூல எண்களைக் கழித்து, பிறகே சுருக்க வேண்டும். கூட்டத்தில் யாராவது ஒருவர் கைப்பேசியில் தட்டிப் பார்த்து இதைக் கட்டாயம் கேட்பார் என்பதால், வித்தியாசம் சுருக்கப்படாத எண்களிலிருந்து கணக்கிடப்பட்டது என்று அடியில் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. அதே வரியில், வித்தியாசம் சதவீதம் அன்று, சதவீதப் புள்ளி என்பதையும் சொல்லிவிடலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, குறைப்பதில் உள்ள ஆபத்தையும் சொல்ல வேண்டும். எக்செல்லில் நெடுவரிசையை நீக்குவது, மறைப்பது, வேறு தாளுக்கு எடுத்துச் செல்வது என்று மூன்று வழிகள் உள்ளன. இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. நேரடியாக நீக்கினால், அந்த நெடுவரிசையை நம்பியிருந்த சூத்திரங்கள் எல்லாம் `#REF!` என்று காட்டும். அது பரவாயில்லை, உடனே கண்ணில் பட்டுவிடும். மறைப்பதுதான் நயமாகக் காலை வாரிவிடுவது. மறைத்த நெடுவரிசைகளையும் சேர்த்து ஒரு பகுதியைத் தேர்ந்து நகலெடுத்து ஒட்டினால், மறைந்திருந்தவையும் வெளிப்பட்டு வந்து உட்கார்ந்துவிடும். நகலெடுப்பதற்கு முன்பே, தெரியும் கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுக்க `Alt+;` அழுத்த வேண்டும். கோப்பை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பினால், பெறுபவர் ஒரு சொடுக்கில் அவற்றைத் திறந்து பார்க்கலாம். சம்பள விவரம் உள்ள நெடுவரிசையை மறைத்துவிட்டு, பாதுகாத்துவிட்டதாக எண்ணிக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனவே மூலத் தாளைத் தொடாமல் வைத்துவிட்டு, தனித் தாளில் தேவையான நெடுவரிசைகளை மட்டும் அதிலிருந்து இழுத்துக்கொள்வதே என் தேர்வு. மூலத் தாளுக்கு `Data` என்று பெயரிட்டிருந்தால், ஆந்திர வரிசையின் மக்கள்தொகையும் வித்தியாசமும் இப்படி வரும்:

```
=Data!C2/100000
=Data!H2-Data!I2
```

வெளியே அனுப்பும்போது இந்தத் தாளை மட்டும் பிடிஎஃப் ஆக்கி அனுப்பலாம். கேட்பவர்களுக்கு முழு அட்டவணை பின்னிணைப்பாக இருக்கட்டும்.

குறைப்பது பொருந்தாத இடங்களும் உண்டு. ஒரே தாளை நான்கு பேர் நான்கு கேள்விகளோடு பார்க்கப் போகிறார்கள் என்றால், எந்த நெடுவரிசையை எடுத்தாலும் ஒருவருக்குக் குறையும். தணிக்கைக்குப் போகும் அட்டவணையிலும் எதையும் எடுக்கக் கூடாது. அங்கேதான் நிறம் பூசுவது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. ஆனால் அதையும் எப்படிப் பூசுகிறோம் என்பதில் தேர்வு இருக்கிறது.

கையால் பூசிய நிறம் எண்ணோடு ஒட்டியதன்று, கட்டத்தோடு ஒட்டியது. அடுத்த மாதம் புதிய எண்களை அதே கட்டங்களில் ஒட்டும்போது, பழைய சிவப்பு அங்கேயே நின்று, இப்போது நன்றாக இருக்கும் ஓர் எண்ணின்மேல் பழி போடும். ஒரே முறை அச்சிடும் தாளுக்குக் கையால் பூசுவதே விரைவானது. மாதாமாதம் வருவதற்கு `Conditional Formatting` வழியாக விதி எழுத வேண்டும். மேலே உள்ள குறைத்த அட்டவணையில், வித்தியாசம் 14 புள்ளிக்கு மேல் உள்ள வரிசை முழுவதும் நிறம் பெற வேண்டுமென்றால், `A2:E6` பகுதியைத் தேர்ந்து இந்தச் சூத்திரத்தைக் கொடுக்கலாம்:

```
=$E2>14
```

அந்த ஒற்றை டாலர் குறி விட்டுப்போனால், முதல் நெடுவரிசைக்கான சோதனை மட்டும் `E`ஐப் பார்க்கும். அடுத்ததற்கு `F`, அதற்கடுத்ததற்கு `G` என்று நகர்ந்து காலிக் கட்டங்களைச் சோதிக்கும். விளைவு, மாநிலப் பெயர் மட்டும் நிறம் பெற்று மற்ற கட்டங்கள் வெறுமையாக இருக்கும். பெயர் மட்டும் நிறம் பெற்ற அட்டவணையைக் கண்டால் பெரும்பாலும் இந்தப் பிழைதான். இன்னொன்று: எண் இருக்க வேண்டிய கட்டத்தில் ‘விவரம் இல்லை’ என்று எழுதியிருந்தால், எக்செல் ஒப்பிடும் முறையில் எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது, ஆகவே விவரமே இல்லாத வரிசையும் 14ஐத் தாண்டியதாக நிறம் பெற்றுவிடும். `=AND(ISNUMBER($E2),$E2>14)` என்று எழுதினால் அது நிற்கும். மேலும், விதி சோதிப்பது திரையில் தெரியும் சுருக்கிய எண்ணையல்ல, உள்ளே இருக்கும் முழு எண்ணை. முழு எண்ணாகச் சுருக்கிய தாளில் கர்நாடகம் 14 என்று தெரியும். 14க்கு மேல் என்ற விதியில் அது நிறமும் பெற்றிருக்கும், ஏனென்றால் உள்ளே இருப்பது 14.39. படிப்பவர் அதைப் பிழை என்றே நினைப்பார்.

எண்ணின் அளவுக்கேற்ப நிறத்தின் ஆழம் மாறும் `Color Scales` பார்க்க அழகாக இருக்கும். நான் அதை அரிதாகவே பயன்படுத்துகிறேன். காரணம் முதல் அட்டவணையின் அடர்த்தி நெடுவரிசையிலேயே இருக்கிறது. மிகக் குறைந்த எண்ணுக்கு வெள்ளை, மிக உயர்ந்ததற்கு அடர்நிறம் என்று இரண்டு நிற அளவைக் கொடுத்தால், புதுச்சேரியின் 2,547 முழு நிறத்தையும் எடுத்துக்கொள்ளும். கேரளத்தின் 860க்கு ஏறத்தாழ கால் பங்கு நிறம், தமிழ்நாட்டின் 555க்குப் பத்தில் ஒரு பங்கு, கர்நாடகத்துக்கும் ஆந்திரத்துக்கும் கிட்டத்தட்ட வெள்ளை. நகரத் தன்மை மிகுந்த ஒரு சிறு ஒன்றியப் பகுதியைப் பெரிய மாநிலங்களோடு சேர்த்து அளந்ததால் வந்த வினை இது. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே உள்ள, உண்மையில் பேசத்தக்க வேறுபாடு வெளிறிப்போகிறது. தாளின் அடியில் ‘மொத்தம்’ என்று ஒரு வரிசை இருந்து அதையும் சேர்த்துத் தேர்ந்துவிட்டாலும் இதேதான் நடக்கும். அட்டவணையில் அடர்நிறம் பெற்றது மொத்தம் மட்டுமே என்றால், அந்த வரிசையை விதியின் எல்லையிலிருந்து எடுத்துவிட வேண்டும். பல நெடுவரிசைகளை ஒன்றாகத் தேர்ந்து ஒரே அளவைக் கொடுப்பது அதைவிட மோசம். மக்கள்தொகையும் சதவீதமும் ஒரே தராசில் ஏறும்.

அச்சைப் பற்றியும் ஒரு சொல். என் நான்கு நிறத் தாள் அன்று கூட்டத்துக்குப் போனபோது, அதை ஒருவர் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துக் கொடுத்திருந்தார். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகி, மிக மோசமான எண்ணும் மிக நல்ல எண்ணும் ஒரே தோற்றத்தில் இருந்தன. சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத பார்வை உள்ளவர்களுக்கு அந்தத் தாள் வண்ணத்திலும் அப்படித்தான் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு, தடித்த எழுத்தும் அதன் பின்னால் மிக வெளிறிய ஒரே நிறமும் என்ற கூட்டணியோடு நிறுத்திக்கொண்டேன். நகலில் நிறம் போனாலும் தடிப்பு நிற்கும்.

இதுவரை பேசியது ஐந்து வரிசை அட்டவணை. வரிசைகள் கூடும்போது என் விடையும் சற்று மாறுகிறது. 2011இல் தமிழ்நாட்டில் இருந்த 32 மாவட்டங்களின் எழுத்தறிவை எடுத்துக்கொண்டால், 91.75 உள்ள கன்னியாகுமரியிலிருந்து 68.54 உள்ள தருமபுரி வரை ஒரு நீண்ட பட்டியல். நெடுவரிசைகளைக் குறைத்தாலும் நீளம் குறையாது. எண்ணின்படி அடுக்கினால் கடைசி ஐந்தும் தாமாகவே அடியில் சேர்ந்துவிடும், நிறம் எதற்கும் தேவைப்படாது; ஒரு மெல்லிய கோடு போட்டு அவற்றைப் பிரித்தால் போதும். ஆனால் கூட்டத்துக்கு வருபவர்கள் மாவட்ட அலுவலர்களாக இருந்தால், ஒவ்வொருவரும் தாளை வாங்கியதும் முதலில் தேடுவது தம் மாவட்டத்தின் பெயரை. அவர்களுக்காக அகரவரிசையை வைத்துத்தான் ஆக வேண்டும். அப்போது கடைசி ஐந்தும் பட்டியலெங்கும் சிதறிக் கிடக்கும். அவற்றைக் கண்டுபிடிக்க நிறம் ஒன்றே வழி. `Top/Bottom Rules` பட்டியலில் `Bottom 10 Items` என்பதைத் தேர்ந்து, பத்தை ஐந்தாக மாற்றிவிட்டால் வேலை முடிந்தது.